கேக்கை வெந்தபின், பிஸ்கட்டை வேகும்முன் எடை போடுங்கள்: ஒரு துண்டின் கலோரியைக் கண்டுபிடிக்கும் முறை

உடல் எடையைக் குறைப்பதற்காக என் தங்கை தினமும் சாப்பிடுவதை ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். போன மாதம் நான் வெண்ணெய் கேக் செய்தபோது, "அக்கா, இந்த ஒரு துண்டுக்கு எத்தனை கலோரி என்று எழுத?" என்று கேட்டாள். பன்னிரண்டு துண்டு போட்டிருந்தேன். மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து 268 என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பன்னிரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தபோது மிகச் சிறியது 52 கிராம், மிகப் பெரியது 81 கிராம். இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் அந்த நோட்டுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். அன்று செய்த கணக்கை முதலிலிருந்து கடைசிவரை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு அவசியம். கப்பால் அளந்தால் இந்தக் கணக்கு நிற்காது. மைதாவை அள்ளிப் போட்டு அழுத்திய கப்புக்கும், சலித்துத் தூவி நிரப்பிய கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். மைதாவில் அது நூறு கலோரிக்கும் மேல்.

முதல் படி: டின்னையும் கிண்ணத்தையும் வெறுமையாக எடை போடுங்கள்

கேக் டின், மாவு கலக்கும் கிண்ணம் இரண்டின் எடையையும் வேலை தொடங்கும் முன்பே குறித்துவையுங்கள். என் 8 அங்குல வட்ட டின் 310 கிராம். இதை மறந்துவிட்டுக் கேக் வெந்தபின் டின்னைத் தேடினால், அதற்குள் கேக் இருக்கும்.

இரண்டாம் படி: சேர்க்கும்போதே எழுதுங்கள்

தராசின் மேல் கிண்ணத்தை வைத்து, ஒவ்வொரு பொருளையும் சேர்ப்பதற்கு முன் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டால் தனித்தனியாக அளக்க வேண்டியதில்லை. 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பது பாக்கெட்டின் பின்புறத்தில் இருக்கும். என் கேக்கின் கணக்கு இது:

மைதா 200 கிராம் (100 கிராமுக்கு 364): 728
சர்க்கரை 200 கிராம் (387): 774
வெண்ணெய் 200 கிராம் (717): 1434
ஓடு நீக்கிய முட்டை 4, மொத்தம் 200 கிராம் (143): 286
பால் 60 கிராம் (61): 37

கூட்டினால் 3259 கலோரி. பேக்கிங் பவுடரும் வனிலாவும் சேர்ந்து பத்து, இருபது கலோரிதான் தரும். நான் அவற்றை விட்டுவிட்டேன். முட்டையை மட்டும் எண்ணிக்கையாக எழுதாதீர்கள். கடையில் வாங்கும் முட்டை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருக்கும். உடைத்து ஊற்றிய பிறகு தராசு காட்டுவதே சரியான எடை.

பாக்கெட்டைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. சில பாக்கெட்டுகளில் 100 கிராமுக்கான எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு பரிமாறலுக்கான எண்ணும் இருக்கும். அவசரத்தில் கண் அங்கே போய்விடும். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் கிலோ ஜூல் கணக்கும் இருக்கும். அது கலோரியைவிட நான்கு மடங்குக்குச் சற்று அதிகமான எண் என்பதால் 4.184 ஆல் வகுக்க வேண்டும். எழுதியது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. சுத்தமான சர்க்கரை கிராமுக்கு ஏறத்தாழ 4, சுத்தமான கொழுப்பு ஏறத்தாழ 9. சமையலறையில் இருக்கும் எந்தப் பொருளும் 100 கிராமுக்கு 900ஐத் தாண்டாது. வெண்ணெய் 3000 என்று வந்தால் நீங்கள் படித்தது கிலோ ஜூல்.

மூன்றாம் படி: டின்னுக்குள் போனது எவ்வளவு?

கலந்த மாவு முழுவதும் டின்னுக்குள் போவதில்லை. மாவை ஊற்றியபின் கிண்ணத்தை மறுபடி எடை போட்டேன். 20 கிராம் ஒட்டியிருந்தது. பேக்கிங் பவுடர், வனிலாவின் எடையையும் சேர்த்து மொத்த மாவு சுமார் 866 கிராம், அதில் 3259 கலோரி. ஆகவே 20 கிராமுக்கு 75 கலோரி. அதைக் கழித்தால் 3184. டின்னில் தடவிய 5 கிராம் வெண்ணெய் கேக்கோடுதான் சேரும்; அது 36. ஆக டின்னுக்குள் 3220 கலோரி.

கிண்ணத்தை வழித்துக் குழந்தைக்குக் கொடுக்கிற வீடுகளில் 75 கலோரி சிறிய எண் அல்ல. பச்சை முட்டை கலந்த மாவை அப்படிக் கொடுக்கவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் படி: ஆறியபின் மறுபடி எடை

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். மாவும் தடவிய வெண்ணெயுமாக ஓவனுக்குள் போனபோது 851 கிராம் இருந்தது. வெந்து ஆறியபின் டின்னோடு 1080 கிராம். டின்னின் 310ஐக் கழித்தால் கேக் 770 கிராம். 81 கிராம் காணாமல் போய்விட்டது. அது ஏறக்குறைய முழுவதும் தண்ணீர். பாலிலும் முட்டையிலும் வெண்ணெயிலும் இருந்த நீர் ஆவியாகிப் போயிருக்கிறது. நீருக்குக் கலோரி கிடையாது. எனவே எடை குறைந்தாலும் 3220 கலோரியும் கேக்குக்குள்ளேயே இருக்கிறது. அது இப்போது 851 கிராமுக்குப் பதிலாக 770 கிராமில் அடங்கியிருக்கிறது.

3220ஐ 770ஆல் வகுத்தால் கிராமுக்கு 4.18 கலோரி. உங்கள் கேக்குக்குரிய எண் இதுதான். வேகாத மாவின் எடையால் வகுத்தால் 3.78 வரும், அந்த எண்ணை வைத்து வெந்த துண்டைக் கணக்கிட்டால் ஒவ்வொரு துண்டிலும் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே எழுதுவீர்கள். குறைவாக எழுதுகிறோம் என்பதும் தெரியாது.

சூட்டோடு எடை போடாதீர்கள். ஓவனிலிருந்து எடுத்த கேக்கிலிருந்து நீராவி இன்னும் வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடான டின் தராசின் உணர்கருவியைப் பாதித்து எண்ணை நகர்த்தவும் செய்யும். அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்து, அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தபின் வைத்தால் போதும்.

ஐந்தாம் படி: வெட்டுவதும் பெருக்குவதும்

வட்டக் கேக்கைப் பன்னிரண்டாக்க, முதலில் நடுவில் குறுக்காக இரண்டு வெட்டு போட்டு நான்கு கால்களாக்குங்கள். ஒவ்வொரு காலையும் மூன்றாகப் பிரியுங்கள். கண்ணால் பார்த்து ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போனால் கடைசித் துண்டில்தான் எல்லாப் பிழையும் வந்து சேரும். எனக்கு 81 கிராம் துண்டு வந்தது அப்படித்தான்.

வெட்டிய துண்டைத் தட்டில் வைத்து எடை போட்டு 4.18ஆல் பெருக்குங்கள். 52 கிராம் துண்டு 217 கலோரி. 81 கிராம் துண்டு 339. ஒரே கேக், ஒரே நாள், இரண்டு துண்டுகளுக்கு நடுவே 122 கலோரி வித்தியாசம். தங்கை எடுத்தது 60 கிராம். நோட்டில் 250 என்று எழுதச் சொன்னேன். துல்லியமாகப் பெருக்கினால் 250.8 வரும். ஆனால் பாக்கெட்டில் போடும் எண்களே சராசரிதான். அதற்குமேல் புள்ளி வைத்து எழுதுவது இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும். பத்தின் மடங்காக எழுதினால் போதுமானது.

துண்டுகளின் எடையை வெட்டிய அன்றே அளந்து டப்பாவின் மேல் எழுதிவையுங்கள். திறந்து வைத்த கேக் மறுநாள் இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கும். 60 கிராம் துண்டு 57 ஆகியிருக்கலாம். அதன் கலோரி 250தான், ஆனால் 57ஐ 4.18ஆல் பெருக்கினால் 238 என்று தவறாக வரும்.

க்ரீம் பூசிய கேக்காக இருந்தால் இந்த முறை கொஞ்சம் தடுமாறும். வட்டக் கேக்கில் எல்லாத் துண்டுக்கும் ஓரம் ஒரே விகிதத்தில் கிடைப்பதால் பரவாயில்லை. சதுரக் கேக்கில் மூலைத் துண்டுக்கு மேலேயும் இரண்டு பக்கங்களிலும் க்ரீம். நடுத் துண்டுக்கு மேலே மட்டும்தான். வெண்ணெய் க்ரீமின் கிராம், கேக்கின் கிராமைவிடக் கனமான கலோரி உடையது என்பதால் எடை ஒன்றாக இருந்தாலும் மூலைத் துண்டு கூடுதலாகவே இருக்கும். அப்படிப்பட்ட கேக்குக்குச் சராசரியைத்தான் சொல்ல முடியும்.

பிஸ்கட்டுக்குக் கணக்கு திரும்பிவிடும்

இதே முறையை வெண்ணெய் பிஸ்கட்டுக்கு அப்படியே செய்தால் வீண் வேலை. கேக்கை வெந்த பிறகு பிரிக்கிறோம். பிஸ்கட்டை வேகும் முன்பே உருண்டையாகப் பிரித்துவிடுகிறோம். எந்த இடத்தில் பிரிக்கிறோமோ அந்த இடத்தில்தான் எடை போட வேண்டும்.

மைதா 150 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 100 கிராம் சேர்த்துப் பிசைந்தால் 325 கிராம் மாவு, 1553 கலோரி. கிராமுக்கு 4.78. ஒவ்வோர் உருண்டையையும் தராசில் வைத்து 16 கிராமாக உருட்டினால் இருபது உருண்டை வரும், 5 கிராம் மிஞ்சும். ஓர் உருண்டைக்கு 76 கலோரி. ஓவனுக்குள் அது எவ்வளவு காய்ந்தாலும், எவ்வளவு பரந்தாலும், அந்த 76 மாறாது. கொழுப்பு தட்டில் உருகி வழிந்திருந்தால்தான் கொஞ்சம் குறையும். தட்டில் எண்ணெய்ப் படலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெந்த பிஸ்கட் ஒன்று 14 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 4.78ஆல் பெருக்கி 67 என்று எழுதுகிறவர்கள் உண்டு. பச்சை மாவின் எண்ணை வெந்த பிஸ்கட்டின் எடையோடு சேர்த்துவிட்டதால் வந்த பிழை அது. பிஸ்கட்டை மறுபடி நிறுக்கவே தேவையில்லை, எண்ணினால் போதும். அன்று தங்கை மூன்று எடுத்தாள். நோட்டில் 230 என்று எழுதினாள்.