ரொக்க ஏடும் பாஸ்புக்கும் ஒத்துப்போகவில்லையா? வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும் முறை

திருப்பூரில் ஒரு சின்ன பவர்டேபிள் யூனிட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. மார்ச் 31 அன்று ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் இருப்பு ரூ.1,84,600. பாஸ்புக்கிலோ ரூ.2,11,656. முதலாளி கேட்பது ஒரே கேள்விதான்: "ஏங்கண்ணு, இதுல எது நம்ம காசு?"

இரண்டும் இல்லை என்பதுதான் பதில். சரியான தொகை எது என்று பார்ப்போம்.

முதலில் டிக் அடியுங்கள்

ரொக்க ஏட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நம் ஏட்டில் பற்றுப் பக்கம் இருக்கும் வரவுகள், பாஸ்புக்கில் கிரெடிட் பத்தியில் இருக்கும். நம் பணம் வங்கிக்குக் கடன் அல்லவா, அதனால் அவர்கள் கணக்கில் பக்கம் மாறி வரும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு இடத்திலும் இருக்கும் பதிவுக்குப் பென்சிலில் டிக் போடுங்கள். செக்காக இருந்தால் தொகையோடு நிறுத்தாமல் செக் எண்ணையும் பாருங்கள். போன மாதப் பட்டியலில் நிலுவையாக நின்ற செக்குகள் இந்த மாதம் பாஸ்புக்கில் வந்திருக்கும்; அவற்றுக்கும் டிக் போட்டுவிடுங்கள்.

முடித்ததும், டிக் விழாமல் நின்றவை இவை:

1. சாயப்பட்டறைக்குக் கொடுத்த செக் ரூ.38,500. நம் ஏட்டில் மட்டும் இருக்கிறது.
2. மார்ச் 31 மாலை வங்கிப் பெட்டியில் போட்ட செக் ரூ.26,000. இதுவும் நம் ஏட்டில் மட்டும்.
3. கரூர் பார்ட்டி நெஃப்டில் அனுப்பிய ரூ.15,000. பாஸ்புக்கில் மட்டும்.
4. வங்கிக் கட்டணம் ரூ.300, அதற்கு 18% ஜிஎஸ்டி ரூ.54, ஆக ரூ.354. பாஸ்புக்கில் மட்டும்.
5. நூல் கடைக்குக் கொடுத்த செக். பாஸ்புக்கில் ரூ.7,650, நம் ஏட்டில் ரூ.7,560.

ஐந்தாவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காரணம் தெரியாமல் நிற்கும் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இங்கே வித்தியாசம் 90. எது சரி என்பதை செக் புத்தகத்தின் அடிக்கட்டையும் பில்லும் சொல்லும். நம் கணக்கில் பில் ரூ.7,650 என்றே வைத்துக்கொள்வோம்.

யாருக்குத் தெரியாத விஷயம் இது?

ஒவ்வொரு பதிவையும் இப்படிக் கேட்டுப் பிரியுங்கள். பாடப்புத்தகக் கணக்கில் ஐந்தையும் ஒரே பட்டியலில் கூட்டிக் கழித்து விடை கொண்டுவந்துவிடலாம். கம்பெனிக் கணக்கில் அப்படிச் செய்தால் ஏடு தவறாகவே நிற்கும். அடுத்த மாதமும் அதே ரூ.354 வந்து நிற்கும்.

வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவை, நாம் தப்பாக எழுதியவை: இவற்றை ரொக்க ஏட்டிலேயே பதிந்து சரிசெய்ய வேண்டும்.

```
ரொக்க ஏட்டு இருப்பு            1,84,600
கூட்டு: நெஃப்ட் வரவு              15,000
கழி: வங்கிக் கட்டணம்               354
கழி: நூல் கடை செக் பிழை            90
திருத்திய இருப்பு              1,99,156
```

முதலாளி கேட்டதற்கு விடை இந்த ரூ.1,99,156. ஆண்டு இறுதி இருப்புநிலைக் குறிப்பில் போகவேண்டிய தொகையும் இதுவே. நெஃப்ட் பணத்தைக் கரூர் பார்ட்டியின் கணக்கில் வரவு வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் கட்டிய பணத்துக்கே திரும்ப போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம்.

இப்போதுதான் பட்டியல்

நமக்குத் தெரிந்து வங்கிக்கு இன்னும் போய்ச் சேராதவை மட்டும் இங்கே வரும். சாயப்பட்டறைக்காரர் செக்கை இன்னும் போடவில்லை, அதனால் வங்கியில் பணம் குறையவில்லை: கூட்டுங்கள். நாம் போட்ட செக் வங்கியில் இன்னும் ஏறவில்லை: கழியுங்கள்.

```
மார்ச் 31 - வங்கிச் சரிகட்டும் பட்டியல்
திருத்திய ரொக்க ஏட்டு இருப்பு      1,99,156
கூட்டு: முன்னிலைப்படுத்தாத செக்     38,500
                               2,37,656
கழி: வரவு வைக்கப்படாத செக்        26,000
பாஸ்புக் இருப்பு                  2,11,656
```

ஒத்துப்போய்விட்டது. ஓ.டி. அல்லது சி.சி. கணக்காக இருந்தால் தொடக்க இருப்பை மைனஸ் எண்ணாக எழுதிக்கொண்டு இதே கூட்டலையும் கழித்தலையும் செய்யுங்கள். தனி விதி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஒருவேளை ஒத்துப்போகாவிட்டால், "இதர வித்தியாசம்" என்று ஒரு வரி போட்டு அடைக்காதீர்கள். மிச்சத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகைக்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டவேண்டியதைக் கழித்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் நிற்கும்.

பட்டியலில் நின்ற இரண்டு செக்குகளையும் ஏப்ரலில் பின்தொடருங்கள். ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள் என்பதால் ரூ.26,000 ஓரிரு நாள் தள்ளி ஏறலாம். அதற்கு மேலும் வரவில்லை என்றால் செக் திரும்பியிருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். திரும்பியிருந்தால் வரவை ரத்துசெய்து, பார்ட்டி பெயரில் பாக்கியை மறுபடி ஏற்ற வேண்டும். ரூ.38,500 செக் தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் போடாவிட்டால் அந்தப் பதிவைத் திருப்பி எழுதி, சாயப்பட்டறைக்குத் தரவேண்டிய பாக்கியாகக் காட்டுங்கள். பழைய செக்கைக் கையில் வாங்கிக்கொண்டு புதுச் செக் கொடுங்கள்.