கவுட் வலிக்குக் கோல்சிசின்: மாத்திரையைத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கால் பெருவிரல் அடிமூட்டில் நெருப்பு வைத்ததுபோன்ற வலியில் விழித்துக்கொள்கிறார். மூட்டு சிவந்து வீங்கியிருக்கிறது, போர்வை பட்டாலே துடிக்கிறார். இது கவுட் என்னும் மூட்டு நோயின் தாக்குதல், அவருக்கு இரண்டாவது முறை. மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த 0.5 மில்லிகிராம் கோல்சிசின் மாத்திரைகள் வீட்டில் இருக்கின்றன. ஆனால் "வலி மாத்திரைதானே, பொறுக்க முடியாமல் போனால் போட்டுக்கொள்ளலாம்" என்று மறுநாள் மாலைவரை தள்ளிப்போடுகிறார். பிறகு வலி தணியவில்லை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக விழுங்குகிறார். நடு இரவில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்கிறது. மூட்டு வலியோ குறைந்தபாடில்லை.

மருந்துச் சீட்டு பார்த்து மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கதை பழக்கமானது. இதில் உள்ள தவறுகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. கோல்சிசின் உடலில் எதைப் பிடிக்கிறது என்பது தெரியாததுதான் அந்த வேர்.

முதலில் மூட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். ரத்தத்தில் மிகுந்துபோன யூரிக் அமிலம் ஊசி ஊசியான யூரேட் படிகங்களாக மூட்டில் படிந்திருக்கிறது. படிகம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கவும் கூடும். மூட்டின் உள்சவ்வில் இருக்கும் விழுங்கணுக்கள் அதை விழுங்கி, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை வெளிவிடும்போதுதான் கலகம் தொடங்குகிறது. அந்த அழைப்பைக் கேட்டு ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக மூட்டுக்குள் இறங்குகின்றன. அவையும் படிகத்தை விழுங்குகின்றன, விழுங்கியதும் இன்னும் பல வெள்ளணுக்களை வரவழைக்கும் வேதிப்பொருள்களைக் கக்குகின்றன. வந்தவை மேலும் பலரை அழைக்க, சில மணி நேரத்தில் மூட்டு நிரம்பிவிடுகிறது. அந்தத் தாங்க முடியாத வலிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூட்டம்தான்.

கோல்சிசின் நரம்பின் வலியுணர்வை மரக்கச் செய்வதில்லை. யூரிக் அமிலத்தைத் துளியும் குறைப்பதில்லை, படிகத்தைக் கரைப்பதும் இல்லை. அது தடுப்பது அந்தக் கூட்டம் சேர்வதைத்தான். எனவே கோல்சிசின் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, "யூரிக் அமிலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று ஒருவர் நினைத்தால், படிகம் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்க அலோபியூரினால் போன்ற வேறு மருந்து வேண்டும். அதைத் தொடங்கும்போது, கரையத் தொடங்கும் படிகம் தாக்குதலைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், முதல் மூன்று முதல் ஆறு மாதம்வரை சிறு அளவில் கோல்சிசினும் துணைக்குக் கொடுப்பார்கள்.

கூட்டம் சேர்வதைக் கோல்சிசின் எப்படித் தடுக்கிறது? இங்கேதான் பாடம் படித்தவர்களே சறுக்குகிறார்கள். "செல்லின் நுண்குழல்களை உடைத்துவிடுகிறது, அதனால் செல்லால் நகர முடிவதில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு பகுதியிலுமே திருத்தம் வேண்டும்.

நுண்குழல் என்பது டியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்பட்ட, சுமார் 25 நானோமீட்டர் அகலமுள்ள உள்ளீடற்ற குழல். ஆல்ஃபா, பீட்டா என இரண்டு டியூபுலின்கள் ஒட்டிய ஜோடிதான் அதன் செங்கல். இந்தச் சுவர் கட்டி முடித்த சுவர் அல்ல. ஒரு முனையில் செங்கல் ஏறிக்கொண்டும் கழன்றுகொண்டும் இருக்கும், நிமிடங்களுக்குள் குழல் நீண்டு சுருங்கும். கோல்சிசின் முதன்மையாகப் பிடிப்பது கட்டிய சுவரை அல்ல, செல்லுக்குள் மிதந்துகொண்டிருக்கும் தனிச் செங்கல்லை. ஆல்ஃபாவும் பீட்டாவும் சந்திக்கும் இடத்தில், பீட்டாவின் பக்கமாக உள்ள பள்ளத்தில் அது போய் அமர்கிறது. தனியாக மிதக்கும் ஜோடி சற்றே வளைந்திருக்கும். சுவரில் ஏறும்போது அது நிமிர வேண்டும். கோல்சிசின் ஆப்புப்போல இடையில் செருகிக்கொள்வதால் நிமிர முடிவதில்லை. இப்படி வளைந்துபோன செங்கல் சுவரின் முனையில் போய் ஒட்டினால், அதற்கு மேல் அடுத்த செங்கல் ஒழுங்காக அமராது. ஆகவே எல்லா டியூபுலினையும் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு சிறு பங்கு பிடிபட்டாலும் குழலின் வளர்ச்சி தடைப்படுகிறது. கோல்சிசின் மெதுவாக ஏறி அமரும், ஏறியபின் எளிதில் இறங்காது. டியூபுலின் என்ற புரதத்தையே 1960களில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டது, கோல்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று தேடியபோதுதான். இந்தப் பிடிமானம் அவ்வளவு உறுதியானது.

அடுத்த திருத்தம் நகர்வைப் பற்றியது. நியூட்ரோபிலை முன்னே தள்ளும் கால் ஆக்டின் என்ற வேறொரு புரதம். கோல்சிசின் அதைத் தொடுவதில்லை. நுண்குழல்கள் செய்வது திசை பிடிக்கும் வேலை. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று செல் தெளிவாக வைத்திருக்க அவை உதவுகின்றன. அவை குலைந்தால் செல் முழுவதும் சுருங்கி விறைக்கிறது. கண்ட இடத்தில் இறுக்கம் தோன்றுகிறது. நுண்ணோக்கியின் கீழ் அப்படிப்பட்ட செல் செத்துக் கிடப்பதில்லை. கொஞ்ச தூரம் போகும், திரும்பும், வேறு பக்கம் போகும். அழைப்பு வரும் திசையை விடாமல் பிடித்துக்கொண்டு போக அதற்கு இயலாது.

அதற்கும் முந்தைய படி ஒன்று இருக்கிறது. ஓடும் ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் வெளியேற, ரத்தக்குழாயின் உட்சுவரில் முதலில் ஒட்ட வேண்டும். அதற்கு உதவும் செலக்டின் என்ற பிடிகள் அச்சுவர்ச் செல்களின் மேல் கொத்தாக அமைந்திருப்பது அவசியம். மிகக் குறைந்த அளவு கோல்சிசினிலேயே அந்தக் கொத்துக் கலைந்துவிடுகிறது. விழுங்கணுவுக்குள் படிகத்தைக் கண்டு கிளம்பும் அழற்சி எச்சரிக்கையும் நுண்குழல்வழிப் போக்குவரத்தை நம்பியிருப்பதால், இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளிவருவதும் மட்டுப்படுகிறது.

இவ்வளவும் புரிந்தால், நம் நோயாளி எங்கே தவறினார் என்பது தானே விளங்கும். மறுநாள் மாலைக்குள் அவருடைய மூட்டில் கூட்டம் சேர்ந்து முடிந்துவிட்டது. வாசலை மூடும் மருந்தை, எல்லாரும் உள்ளே வந்தபின் கொடுத்தால் பலன் குறைவுதான். தாக்குதல் தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது இதனால்தான். விழித்த அந்த நேரத்திலேயே இரண்டு மாத்திரை, அதாவது 1 மில்லிகிராம். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் ஒன்று. மொத்தம் 1.5 மில்லிகிராம், அதோடு முதல் நாள் முடிந்தது. சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்து, இடையூறு செய்யும் வேறு மருந்தும் இல்லாதவருக்கு வழக்கமான அளவு இது. 0.6 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும் நாடுகளில் இதே முறை 1.2 பிறகு 0.6 என்று வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்ற பழக்கம் வானத்திலிருந்து விழவில்லை. வலி தணியும்வரை அல்லது வயிற்றுப்போக்கு வரும்வரை கொடுக்கலாம் என்றே நீண்ட காலம் மருத்துவத்தில் சொல்லப்பட்டது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் 184 பேருக்கு இதைச் சோதித்தார்கள். ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் எடுத்தவர்களில் சுமார் 38 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரத்தில் வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களில் அது சுமார் 33 விழுக்காடு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 16. வயிற்றுப்போக்கு மட்டும் குறைந்த அளவில் 23, கூடிய அளவில் 77 விழுக்காடு. கூடுதலாக விழுங்கிய 3 மில்லிகிராமால் வலிக்கு எந்தப் பலனும் இல்லை, போனது குடல்தான்.

அதற்குக் காரணமும் டியூபுலின்தான். நியூட்ரோபில்களில் மருந்தை வெளியே தள்ளும் பம்பு புரதம் மிகக் குறைவு. அதனால் கோல்சிசின் அங்கே தேங்கி, ரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்காகச் சேர்ந்து நாள்கணக்கில் தங்குகிறது. அதாவது சிறிய அளவிலேயே வேண்டிய இடம் நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் போவது, சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும் குடல் உட்படலத்தையும், இடைவிடாது பிரியும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது நிறப்புரிகளை இழுப்பதும் நுண்குழல்கள் அல்லவா! ஆகவே வயிற்றுப்போக்கை "மருந்து வேலை செய்கிறது" என்பதற்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. அது அளவு மீறியதற்கான முதல் எச்சரிக்கை.

மூலிகைதானே என்று செடியையே நாடுவோரும் உண்டு. கோல்சிசின் கிடைக்கும் இலையுதிர் குரோக்கஸ், பெயரில் குரோக்கஸ் என்றாலும் குங்குமப்பூவுக்கு உறவு அல்ல. குங்குமப்பூவில் மூன்று மகரந்தத் தாள்கள், இதில் ஆறு. இலை வசந்தத்தில் வரும், பூ இலையின்றி இலையுதிர் காலத்தில் வரும். ஐரோப்பாவில் வசந்த கால இலையைக் காட்டுப்பூண்டு என்று பறித்துச் சமைத்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். காட்டுப்பூண்டு இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும், இது மணக்காது. ஆனால் பூண்டு பறித்த கையில் மணம் ஏற்கெனவே இருக்கும் என்பதால் அந்தச் சோதனையையும் நம்பிவிடக் கூடாது. செங்காந்தள் கிழங்கிலும் இதே நஞ்சு உண்டு. செடியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று கண்ணால் அளக்க வழியே இல்லை. முறிவு மருந்து கைவசம் இல்லை, டயாலிசிஸாலும் ரத்தத்திலிருந்து எடுக்க முடியாது.

நம்மவரிடம் திரும்புவோம். இப்போது அவர் தினம் 0.5 மில்லிகிராம் எடுத்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சளி பிடித்து நெஞ்சில் இறங்க, வேறொரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதுகிறார். கோல்சிசினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும், வெளியேற்றும் பம்பையும் கிளாரித்ரோமைசின் ஒன்றாக அடக்கிவிடும். அதே மாத்திரை உடலுக்குள் மூன்று மடங்குக்கும் மேல் பெருகும். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் இந்த இரண்டும் சேரவே கூடாது. சைக்ளோஸ்போரின், கீட்டோகோனசோல், வெரபமில், டில்டியசெம் ஆகியவற்றிலும் இதே கவலை உண்டு. அசித்ரோமைசினில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. ஆகவே அவர் அந்த மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வரி: "நான் கோல்சிசின் எடுக்கிறேன்." அதைச் சொல்ல மறந்து, நான்கைந்து நாளில் வயிற்றுப்போக்கோடு தொடைத் தசை பலமிழந்து நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனாலோ, காய்ச்சலும் தொண்டைப்புண்ணும் வந்தாலோ, கோல்சிசினை அக்கணமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.