ஆச்சி தாத்தாவுக்குப் பேரப்பிள்ளையின் ஒரு வருடம்: வெட்டி ஒட்டும் ஆல்பம்

எங்க வீட்டுக் குட்டிக்குப் போன ஆனியில் மூணு வயசு முடிஞ்சது. கடையத்தில் இருக்கும் ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் அந்த ஒரு வருடத்தை ஆல்பமாகச் செய்து கொடுத்தோம். செய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி தொடங்கி டிசம்பரில் முடிக்க வேண்டாம், பிறந்த நாளிலிருந்து அடுத்த பிறந்த நாள் வரை போனால் பிள்ளை வளர்ந்தது தெரியும். நாற்பது படம் போதும். ஒரே மொட்டைத்தலையைப் பதினாறு கோணத்தில் பார்க்கும் பொறுமை பெற்றவர்களுக்கு மட்டுந்தான் உண்டு.

அடுத்தது பிரிண்ட். பலருக்கும் படம் கெடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். போனில் எடுக்கும் படம் பெரும்பாலும் 4:3 அளவில் இருக்கும். ஸ்டுடியோவில் போடும் 6x4 பிரிண்டோ 3:2. அகலம் ஆறு அங்குலம் என்றால் உங்கள் படத்துக்கு உயரம் நாலரை அங்குலம் வேண்டும், தாளில் இருப்பது நாலுதான். மிஷின் மேலே கால் அங்குலம், கீழே கால் அங்குலம் வெட்டிவிடும். நெல்லையப்பர் தேரோட்டத்தன்று அப்பா தோளில் குட்டி உட்கார்ந்திருக்கும் படம் எங்களிடம் உண்டு. அவள் தலை படத்தின் மேல் ஓரத்தை ஒட்டி இருக்கிறது. அப்படியே கொடுத்திருந்தால் நெற்றிக்கு மேல் இருந்திருக்காது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமானால் வெட்டு இடது வலதில் விழும், ஓரத்தில் நிற்கும் சித்திக்குப் பாதி முகம்தான் மிஞ்சும்.

அதனால் நீங்களே முன்கூட்டி வெட்டிவிடுங்கள். Google Photos-இல் Edit, பிறகு Crop போய் 3:2 விகிதத்தைத் தேர்ந்து, சட்டத்தை மேலே நகர்த்தி, Save copy கொடுங்கள். தேர்ப் படத்தில் நாங்கள் தலையை முழுசாக விட்டு, கீழே தெருவையும் செருப்புகளையும் வெட்டினோம். எதையும் இழக்க முடியாத குடும்பப் படமானால் “வெட்டாம, ஓரத்தில் வெள்ளை விட்டுப் போடுங்கண்ணே” என்று ஸ்டுடியோவில் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தின் நீளம் பெரும்பாலும் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கியிருக்கும். 6x4-க்கு அது தாங்கும், முழுப் பக்கப் படத்துக்குத் தாங்காது. பெரிதாகப் போட நினைக்கும் படத்தை மட்டும் எடுத்தவரிடம் ‘டாக்குமெண்ட்’ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

பளபள தாள் வேண்டாம், மேட் கேளுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கும் தாத்தாவுக்குப் பளபளப்பில் விளக்குத்தான் தெரியும்.

தாள்: கெட்டியான ஏ4 அட்டை, சந்தன நிறம். எல்லாரும் கறுப்பு அட்டை அழகு என்பார்கள். எனக்குப் பிடிக்காது. அதில் வெள்ளைப் பேனாவால் எழுதுவது வயசானவர் கண்ணுக்கு எட்டாது. அட்டையை நிமிர்த்தி வைத்து, இடது ஓரம் ஓர் அங்குலம் விட்டுவிட்டு, ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு படம். மிச்ச இடத்தில் தடித்த கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். “குற்றாலத்தில்” என்று மட்டும் எழுதினால் ஆச்சிக்கு அதில் என்ன இருக்கிறது? “ஐந்தருவியில் தண்ணி மேலே பட்டதும் ‘ஆச்சி, மழை அடிக்கி’ என்று அலறினாள்” என்று எழுதுங்கள்.

தண்ணீர்ப் பசை தொடவே வேண்டாம், அட்டை நெளிந்துவிடும். படத்தின் நாலு ஓரத்திலும் மெல்லிய இருபக்க டேப் போதும்.

பைண்டிங் கடைசியில்தான். ரெடிமேட் நோட்டில் ஒட்டினால் படங்களின் கனம் சேர்ந்து, நோட்டு மூடாமல் வாய் பிளந்து நிற்கும். எல்லாவற்றையும் தனித்தனி அட்டையில் ஒட்டி முடித்து, அடுக்கை அப்படியே ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் ஸ்பைரல் போடுங்கள். கனத்தைப் பார்த்து அவர்களே பெரிய சுருளாக மாட்டுவார்கள். ஒரு பக்கம் பிடிக்காமல் போனாலும் அதுவரை மாற்றிக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எதிரெதிர்ப் படங்கள் ஒட்டிக்கொள்ளும், இடையில் பட்டர் பேப்பர் வைத்தே பைண்ட் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஆல்பத்தில் ஒட்டிய பஸ் டிக்கெட் வெளுத்துப்போனதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். மிஷினில் வரும் டிக்கெட்டும் கடை பில்லும் சூட்டில் எழுத்து தெரியும் தாள், நாளானால் மங்கத்தான் செய்யும். முதலில் ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலை ஒட்டுங்கள்.