ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும் நேயும் ச்சியும்

இத்தாலிய மொழியில் இரண்டு குட்டிச் சொற்கள் உண்டு: நே, ச்சி. (பின்னது நம் காதில் திட்டுவதுபோல விழும். போதாததற்கு, நேயுடன் சேர்ந்தால் அது ச்சே ஆகிவிடும்.) இலக்கணப் பாடத்தில் இவை எளிதாகவே புரியும். ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து இத்தாலியத்தில் எழுதச் சொன்னால்தான் விட்டுவிடுவோம், ஏனென்றால் ஆங்கிலத்தில் பல இடங்களில் இவற்றுக்கு ஈடான சொல்லே இருக்காது.

நான் அதிகம் செய்த தவறு எண்களில். உனக்கு எத்தனை சகோதரர்கள் என்று கேட்டால் ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் டூ' என்போம். அதை அப்படியே 'ஓ தூவே' என்று எழுதினேன். இத்தாலியக் காதுக்கு அது பாதியில் நின்ற வாக்கியம். 'நே ஓ தூவே' என்றால்தான் முழுமை: அவர்களில் இரண்டு பேர் எனக்கு உண்டு. தமிழிலும் 'ரெண்டு பேர்' என்று முடித்துவிடுகிறோம், அதனால் நமக்கு உறுத்துவதே இல்லை. வினைக்குப் பின்னால் எண்ணோ அளவோ மட்டும் வந்து, எதை எண்ணுகிறோம் என்ற பெயர் வராமல் இருந்தால் அங்கே நே வேண்டும். கேள்விக்கும் இதே கதை. 'ஹவ் மெனி டு யூ வான்ட்?' என்பதைப் பழக்கடைக்காரர் 'குவான்தே நே வுவோலே?' என்றுதான் கேட்பார். பெயர் கூடவே வந்துவிட்டால் நே தேவையில்லை: 'வோலியோ தூவே மேலே', எனக்கு இரண்டு ஆப்பிள் வேண்டும். (இந்த மேலே ஆப்பிளின் பன்மை, மாடிக்கு வழி இல்லை.)

இறந்தகாலத்தில் இன்னொரு சிக்கல் ஒட்டிக்கொள்ளும். 'ஐ ஏட் த்ரீ' என்பது ஆப்பிளைப் பற்றி என்றால் 'நே ஓ மஞ்ஜாதே த்ரே'. ஆப்பிள் பெண்பால், மூன்று என்பதால் பன்மை, ஆகவே வினையெச்சம் மஞ்ஜாதோ என்று நிற்காமல் மஞ்ஜாதே என்று மாறுகிறது. ஒன்றுதான் தின்றேன் என்றால் 'நே ஓ மஞ்ஜாதா ஊனா'. இதைக் கற்ற உற்சாகத்தில், எல்லாவற்றையும் தின்றேன் என்பதற்கும் நே போட்டுவிடுவோம். அது தப்பு. நே ஒரு மொத்தத்திலிருந்து ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும் சொல். மொத்தமும் போய்விட்டால் பிரிக்க என்ன இருக்கிறது? அங்கே சாதாரண 'அவற்றை' போதும்: 'லே ஓ மஞ்ஜாதே தூத்தே'.

அடுத்த பொறி 'அபௌட் இட்'. 'ஐ வில் திங்க் அபௌட் இட்' என்பது 'ச்சி பென்ஸோ'. 'வாட் டு யூ திங்க் அபௌட் இட்?' என்பது 'கே நே பென்ஸி?'. ஆங்கிலத்தில் அதே வினை, அதே 'அபௌட் இட்'. இத்தாலியத்தில் ஒன்றுக்கு ச்சி, மற்றதற்கு நே. காரணம் ஆங்கிலத்தில் இல்லை, இத்தாலிய வினை எந்த முன்னிடைச்சொல்லைக் கேட்கிறது என்பதில் இருக்கிறது. ஒன்றின்மேல் மனத்தைச் செலுத்தும்போது பென்ஸாரே 'ஆ' என்பதைக் கேட்கும். அபிப்பிராயம் சொல்லும்போது 'தி' என்பதைக் கேட்கும். 'ஆ' கொண்டு வரும் பொருளுக்குப் பதிலாக ச்சி, 'தி' கொண்டு வருவதற்கு நே. இங்கே தமிழ் கைகொடுக்கிறது: 'யோசிக்கிறேன்' என்று வந்தால் ச்சி, 'என்ன நினைக்கிறாய்' என்று வந்தால் நே. ஆனால் இது பென்ஸாரேக்கு மட்டுமே உதவும் குறுக்குவழி. பேசுவது, அதாவது பார்லாரே, 'தி' கேட்கும் வினை என்பதால் 'லெட்ஸ் டாக் அபௌட் இட்' என்பது 'பார்லியாமோனே'. நம்புவது, க்ரேதெரே, 'ஆ' கேட்கும். 'ஐ டோன்ட் பிலீவ் இட்' என்பது 'நோன் ச்சி க்ரேதோ'. இந்த வாக்கியத்தில் 'அபௌட்'கூட இல்லை, வெறும் 'இட்'தான். அதனால் வினையை மனப்பாடம் செய்யும்போதே அதன் 'ஆ', 'தி'யையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தைப் பார்த்து ஊகித்தால் பாதி தடவை மாட்டிக்கொள்வோம்.

இடத்தைக் குறிக்கும் ச்சி இவ்வளவு தொல்லை தராது. ரோமுக்கு எப்போது போகிறாய் என்றால் 'ஐ'ம் கோயிங் டுமாரோ' என்பதில் 'அங்கே' இல்லை. இத்தாலியத்தில் இயல்பாக வருவது 'ச்சி வாதோ தொமானி'.

நேரம் பிடிப்பதைச் சொல்லும் 'இட் டேக்ஸ்' மட்டும் தனி ரகம். அதிலுள்ள 'இட்'டுக்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடக் கூடாது. ஒரு மணி நேரம் என்றால் 'ச்சி வுவோலே ஊனோரா', இரண்டு மணி என்றால் 'ச்சி வோலியோனோ தூவே ஓரே'. வினை ஒருமையாவதும் பன்மையாவதும் மணியை வைத்துத்தான். நாம் 'ரெண்டு மணி நேரம் ஆகும்' என்று சொல்லும்போது மணி நேரமே எழுவாயாக இருப்பதைப் போல.

இரண்டும் சேர்ந்து வரும் இடமும் அதே பழக்கடையில்தான். 'ஆர் தேர் எனி லெஃப்ட்?' என்று கேட்க நினைத்தால் 'இருக்கிறது' என்பதற்கு ஒரு ச்சி, 'அவற்றில்' என்பதற்கு ஒரு நே. ச்சி ச்சேயாகி, 'ச்சே நே சோனோ அங்கோரா?' தீர்ந்துவிட்டது என்றால் கடைக்காரர் சொல்வது, 'நோ, நோன் ச்சே நே சோனோ ப்யூ.'