மாடி ஹாலை ஸ்டார்ட்அப்புக்கு வாடகைக்கு விடுவது எப்படி: எதற்குச் செலவு செய்வது, சதுர அடிக்கு எவ்வளவு கேட்பது

பெருங்குடியில் ஓ.எம்.ஆரை ஒட்டிய குறுக்குத் தெருவில் என் மாமாவுக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. இரண்டாவது மாடியை ஆபீஸுக்கு விடலாம் என்று முடிவு செய்து ஃபால்ஸ் சீலிங் அடித்தார், கண்ணாடி போட்ட ரிசப்ஷன் கட்டினார், சுவரில் மரப்பலகை பதித்தார். ஏழு மாதம் காலியாகவே கிடந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "சூப்பரா இருக்கு சார், சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லத்தான் யாரும் திரும்பி வரவில்லை.

எட்டாவது மாதம் மூன்று பேர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒருவர் நேராக மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். இன்னொருவர் ஹாலின் கடைசி மூலைக்குப் போய் யாருக்கோ வீடியோ கால் போட்டார். கூட வந்த பெண் கழிப்பறைக் கதவைத் திறந்து, குழாயைத் திருகிப் பார்த்து, தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுத்தார். சீலிங்கை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லோடு எவ்வளவு அங்கிள்?" என்றார் மீட்டரைப் பார்த்தவர். "அஞ்சு கிலோவாட்" என்றார் மாமா. ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். ரூபாய்த் தொகைகள் கணக்கு புரிவதற்காக. உங்கள் தெருவுக்கு நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: டேப் எடுத்து உள்ளளவு எடுங்கள்

சுவருக்குச் சுவர், கழிப்பறை உட்பட, கால் வைத்துப் புழங்கக்கூடிய இடம்தான் கார்பெட் ஏரியா. மாமாவின் மாடியில் அது 1,300 சதுர அடி. சுவர்த் தடிமன், மாடிப்படி, பொது நடை எல்லாவற்றிலும் அவர் பங்கைச் சேர்த்தால் சூப்பர் பில்ட்அப் 1,750. இரண்டும் ஒரே மாடிதான். ஆனால் 1,750-க்கு ₹50 என்று கேட்டால் ₹87,500 ஆகிறது, அதுவே 1,300-க்கு ₹67-க்குக் கொஞ்சம் மேல்.

பக்கத்து விளம்பரத்தில் ₹50 என்று பார்த்துவிட்டு, "நானும் ஐம்பதே கேட்கிறேன்" என்று 1,300-ஆல் பெருக்கினால் மாதம் ₹22,500 கைவிட்டுப் போகும். அதனால் யார் எந்த விலை சொன்னாலும் முதல் கேள்வி: "எந்த ஏரியாவுக்கு?" எல்லாவற்றையும் கார்பெட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். இனி கீழே வரும் கணக்கெல்லாம் கார்பெட்டுக்குத்தான்.

படி 2: வாடகைக்கு வருபவர் தூக்கிக்கொண்டு போக முடியாததை மட்டும் நீங்கள் செய்யுங்கள்

ஸ்டார்ட்அப்காரர்களுக்கு ஒன்றரை வருடம் கழித்து எங்கே இருப்போம் என்று தெரியாது. மேசை, நாற்காலி, ரவுட்டர் வாங்கினால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். மின்சார லோடு, ஒயரிங், கழிப்பறை, தடுப்புச் சுவர் இவற்றுக்குச் செலவழித்தால் அது உங்கள் கட்டடத்தோடு நின்றுவிடும். அந்தச் செலவை அவர்கள் செய்ய மாட்டார்கள். நீங்கள் செய்திருந்தால் அதற்காகக் கூடுதல் வாடகை கொடுப்பார்கள்.

முதலில் லோடு. 24 பேர் உட்காரும் ஹாலில் ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு மானிட்டர் என்று 150 வாட் வைத்தால் 3.6 கிலோவாட். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பதால் வெயில் இறங்கும், ஒன்றரை டன் ஏசி ஆறு வேண்டும். ஒவ்வொன்றும் 1.6 என்றால் 9.6. விளக்கு, ஃபேன், மற்றதுக்கு ஒன்று. கூட்டினால் 14-ஐத் தாண்டுகிறது. மாமா 18 கிலோவாட் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு விண்ணப்பித்தார். அதற்கு மேல் போக வேண்டாம். பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிலைக்கட்டணம் வந்துகொண்டே இருக்கும்.

ஜெனரேட்டர் வேண்டாம் என்று நான் சொன்னேன். ஏசி இல்லாமல் கம்ப்யூட்டரும் விளக்கும் மட்டும் ஓடுகிற மாதிரி யூ.பி.எஸ்ஸுக்குத் தனி ஒயர் இழுத்து வைத்தால் போதும். யூ.பி.எஸ்ஸையும் பேட்டரியையும் அவர்களே கொண்டுவருவார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாளில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள்.

இன்டர்நெட்டுக்குச் செலவே இல்லை. தெருவிலிருந்து இரண்டு கம்பெனிகளின் கேபிள் வர இரண்டு குழாய்கள், அனுமதி ஒரு கடிதம், அவ்வளவுதான். ஒரே கம்பெனிதான் வரலாம் என்று கட்டுப்பாடு வைக்கும் ஓனர்களைப் பார்த்திருக்கிறேன். கமிஷன் கிடைக்கும்தான், வாடகைக்கு வந்தவர் ஓடிவிடுவார்.

பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டாயம். ஆறு பேர் உட்கார ஒரு மீட்டிங் ரூம், ஒருவர் நின்று போன் பேச நாலுக்கு நாலு அடியில் ஒரு கூண்டு. மற்றதெல்லாம் திறந்த ஹாலாகவே இருக்கட்டும். எம்.டி. ரூம் என்று தனியாகக் கட்டினால் அடுத்து வருபவர் இடிக்கச் சொல்வார்.

பைசா செலவில்லாத இன்னொன்று இருக்கிறது, காகிதம். புதிதாகக் கம்பெனி பதிவதற்கு, பதிவு அலுவலக முகவரிக்கு ஆதாரமாக இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத ஈ.பி. பில் மாதிரி ஒன்றும் ஓனரின் ஆட்சேபணையில்லாக் கடிதமும் கேட்பார்கள். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் இதே தேவை வரும். மாமாவின் ஈ.பி. இணைப்பு அப்போதும் காலமாகிவிட்ட தாத்தா பெயரில் இருந்தது, சொத்து வரி ரசீது மாமா பெயரில். லோடு உயர்த்தும்போதே பெயரையும் மாற்றினோம். இது நடக்காமல் யாரையாவது உள்ளே விட்டிருந்தால், முதல் மாதமே "சார், அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று போன் வந்திருக்கும்.

படி 3: வெற்று விலையைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. உங்களுக்கு வேண்டியது முடிந்த விலை. பக்கத்துத் தெருக்களில் சமீபத்தில் விட்ட நாலைந்து மாடிகளை எடுத்துக்கொண்டு, வாட்ச்மேனிடமும் இரண்டு புரோக்கர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஏசி, தடுப்பு எதுவும் இல்லாத வெறும் ஹாலுக்கு என்ன போயிற்று என்பதுதான் கேள்வி. எங்களுக்குக் கிடைத்தது கார்பெட்டுக்கு ₹50. ஆக, வெற்று வாடகை ₹65,000.

படி 4: செய்த செலவை மாதமாக்கி மேலே வையுங்கள்

லோடு, ஒயரிங், ஏசி, தடுப்பு, கழிப்பறை எல்லாம் சேர்த்து ₹7,50,000 ஆகிறது என்று வைப்போம். இதை உங்களுக்கு நீங்களே கொடுத்த கடனாக நினையுங்கள். ஏசி நன்றாக ஓடும் காலத்தை ஒட்டி 48 மாதம், வட்டி 12 சதவீதம். எக்ஸெலில் இப்படி அடித்தால் மாதத் தொகை வரும்:

```
=PMT(12%/12, 48, -750000)
```

விடை ₹19,750. இதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவர் 18 மாதம் இருந்துவிட்டுப் போனால், அடுத்தவர் வர இரண்டு மாதம் ஆகும், கடன் தவணை அந்த இரண்டு மாதமும் ஓடும். ஆகவே 20 மாதத் தவணையை 18 மாதத்தில் வாங்க வேண்டும். 19,750-ஐ 20-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ₹21,950. சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ₹17.

வெற்று விலை 50, வசதி 17, மொத்தம் ₹67. மாதம் ₹87,100. ஃபால்ஸ் சீலிங்குக்குப் போன பணத்தை இதில் ஏற்றலாமே என்று மாமா கேட்டார். ஏற்றலாம், கொடுக்கத்தான் ஆள் இருக்காது.

படி 5: அவர்கள் கண்ணால் பாருங்கள், சீட் கணக்கு

சதுர அடி உங்கள் பாஷை. அவர்கள் மனதில் ஓடுவது "ஒரு சீட்டுக்கு எவ்வளவு?" ஏனென்றால் அவர்களுக்கு மாற்று உங்கள் பக்கத்து மாடி இல்லை, பல கம்பெனிகள் சீட் கணக்கில் வாடகை கொடுத்துப் பகிர்ந்து உட்காரும் கோவொர்க்கிங் இடம். வாடகையோடு கரண்ட், இரண்டு இன்டர்நெட், துப்புரவு, பராமரிப்பு என்று மாதம் ₹45,000 சேர்த்தால் ₹1,32,100. 24 சீட்டுக்கு வகுத்தால் சுமார் ₹5,500. உங்கள் பகுதியில் கோவொர்க்கிங் சீட் ₹7,000 என்றால் நீங்கள் ஜெயிக்கிறீர்கள்.

எங்கே தோற்பீர்கள் தெரியுமா? வருகிற டீமில் இன்றைக்கு இருப்பது 14 பேர். அதே தொகையை 14-ஆல் வகுத்தால் சீட்டுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். கரண்ட் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய மாற்றமில்லை. அவர்கள் பேரம் பேசாமலே போய்விடுவார்கள், நீங்கள் ₹67 அதிகம் போல என்று நினைத்துக் குறைப்பீர்கள். விலை சரிதான், நிரம்பாத நாற்காலிகளுக்குக் காசு கேட்பதுதான் பிரச்சினை.

அதனால் குறைக்காமல் படிக்கட்டு வையுங்கள். முதல் ஆறு மாதம் ₹61, அடுத்த பன்னிரண்டு மாதம் ₹70. பதினெட்டு மாதச் சராசரி அதே ₹67. ஆறாவது மாதம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் இருக்கப் பன்னிரண்டு மாதத்துக்குள் காலி செய்யக் கூடாது என்ற லாக்-இன் கட்டாயம் எழுத வேண்டும்.

படி 6: அட்வான்ஸையும் விலையாகப் பாருங்கள்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிவிட்டோம். இங்கே அது எட்டே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். ஸ்டார்ட்அப்புக்கு அது இரண்டு பேரின் பல மாதச் சம்பளம். உங்களுக்கு? ஐந்து லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் ₹2,900 சொச்சம், சதுர அடிக்கு ₹2.25 கூட இல்லை. ஐந்து லட்சம் அட்வான்ஸைக் குறைத்துக்கொண்டு சதுர அடிக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டுப் பாருங்கள், சிரித்த முகத்தோடு சரி என்பார்கள். ஆனால் குறைந்தது நாலு மாதமாவது கையில் இருக்கட்டும். இரண்டு மாத வாடகை நின்று, கரண்ட் பில் பாக்கியும் வைத்துப் போனால் அதுதான் ஈடு. எங்கள் விஷயத்தில் மாமா அட்வான்ஸைக் குறைத்தார், இரண்டு ரூபாயைக் கேட்கவில்லை. முதல் தடவை, அவசரம்.

படி 7: ஒப்பந்தத்தில் வரியைத் தனியாக எழுதுங்கள்

"வாடகை சதுர அடிக்கு இவ்வளவு, கார்பெட் 1,300, ஜி.எஸ்.டி. தனி" என்று அப்படியே எழுதுங்கள். மாமாவின் வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழ், அவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. அப்படிப்பட்ட ஓனரிடம் பதிவு பெற்ற கம்பெனி ஆபீஸ் எடுத்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த 18 சதவீதத்தைக் கம்பெனியே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். இது தெரியாத சின்ன டீம் மூன்றாவது மாதம் ஆடிட்டரிடமிருந்து கேட்டுவிட்டு உங்களிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லி வரும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதினாலு பேர் டீம் ஒன்று ₹61-க்குக் கையெழுத்துப் போட்டது. முதல் மாதம் ஐந்தாம் தேதி மாமா எனக்கு போன் செய்தார். "எழுபத்தொன்பதாயிரத்து முந்நூறு வரணும், எழுபத்தோராயிரத்துச் சொச்சம்தான்டா வந்திருக்கு. ஏமாத்துறாங்களா?" பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள் மாமா, உங்கள் பான் நம்பரில் வரவாகும், வருமான வரிக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்று வைத்துவிட்டார்.