தடுப்புச்சுவர் வயிறு தள்ளியபோது

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு மூன்று தட்டுகளாக இறங்குகிறது. நடுத்தட்டின் ஐந்தடி கருங்கல் சுவர் ஐப்பசி மழைக்குப் பிறகு வயிறு தள்ளியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், இரண்டு அங்குலம் வெளியே வந்திருந்தது. அழகுக்காக முந்தைய வருடம் நான் பூசிய சிமெண்ட்தான் காரணம். கல் இடுக்குகள் அடைபட்டு, பின்னால் தேங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளியிருக்கிறது.

சுவரை இரண்டடி உள்ளே தள்ளி, நேராகக் கட்டினால் முற்றம் அகலமாகுமே என்று கேட்டேன். கொத்தனார் அண்ணன் மறுத்துவிட்டார். "அடிவாரத்தை வெட்டினா மேல்தட்டு எதைப் பிடிச்சு நிக்கும் சார்?" அவர் சொன்னதுதான் சரி.

மழை ஓய்ந்த மாசியில் வேலை தொடங்கினோம். முழுச் சுவரையும் ஒரேயடியாகப் பிரிக்கவில்லை. நான்கடி பிரித்து, கட்டி முடித்த பிறகே அடுத்த நான்கடி. அடிக்கு ஒரு அங்குலம் மலைப்பக்கம் சாய்வு. சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு ஜல்லி, நடுவே வெளிப்பக்கம் சரிந்த பிவிசி குழாய்கள். தோண்டிய மண்ணைக் கீழ்த்தட்டில் கொட்டாமல் வண்டியில் அனுப்பினோம். அங்கே கொட்டினால் அடுத்த சுவருக்குப் பாரம். மழைநீர் படிக்கட்டு வழியே ஓடிவந்து சுவரடியை அரிக்காமலிருக்க, படிகளை ஓரக் கால்வாய்ப் பக்கம் லேசாகச் சாய்த்தோம்.

இப்போது மழை விட்டதும் குழாய்களைத்தான் பார்க்கிறேன். தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கலாக வந்தால் பின்னால் மண் கரைகிறது என்று அர்த்தம். ஒரு குழாய் மட்டும் இன்னும் கலங்கலாகவே வருகிறது.