வானொலி உரையில் ஒரே செய்தியை எத்தனை முறை சொல்லலாம்?

நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாகக் ‘கூறியது கூறல்’ என்பதையும் நன்னூல் சேர்த்திருக்கிறது. பள்ளியில் அதைப் படித்து வளர்ந்தவர்கள் வானொலிக்கோ ஒலிப்பதிவுக்கோ எழுத உட்காரும்போதும் முக்கியமான செய்தியை ஒரே முறை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் கண் இரண்டு வரி மேலே போய்விடும். கேட்பவருக்கு அந்த வழி கிடையாது. கைப்பேசியில் பின்னால் தள்ளிக் கேட்கலாமே என்பார்கள். மாவு பிசையும் கையோடு கேட்பவர் தள்ளமாட்டார்; புரியாததைப் புரியாததாகவே விட்டுவிடுவார்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்ற ஐந்து நிமிட உரையை எடுத்துக்கொள்வோம். நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடத்துக்குச் சுமார் ஐந்நூறு சொற்கள் போதும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காதபோது வீட்டில் கலக்க வேண்டிய அளவு: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே இங்கே தவறாகக் கேட்பது சின்ன விஷயமில்லை.

இதை எழுதச் சொன்னால் வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை மற்றும் உப்பை முறையே ஆறு மற்றும் அரைத் தேக்கரண்டி அளவில் கலந்து அவ்வப்போது புகட்ட வேண்டும்.” தாளில் குறை சொல்ல முடியாத வாக்கியம். காதில் விழுந்தால் ‘முறையே’ என்ற ஒற்றைச் சொல் அதைக் கவிழ்த்துவிடும். எந்த அளவு எந்தப் பொருளுக்கு என்று கேட்பவர் மனத்தில் பொருத்திப் பார்ப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. ‘மேற்சொன்ன கரைசல்’, ‘பின்னது’ போன்றவையும் இதே வகைதான். இவை வரும் இடத்தில் எல்லாம் பொருளின் பெயரையே திரும்பச் சொல்ல வேண்டும். செவிக்கு எழுதும்போது தேவைப்படும் மறுகூறலில் பாதி இப்படிப்பட்ட சிறிய மறுகூறல்தான். யாருக்கும் அது உறுத்தாது.

ஒலியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘ஆறு’, ‘அரை’ இரண்டும் குட்டிச் சொற்கள், முதல் எழுத்தும் நெருக்கமானது. ‘சர்க்கரை’ என்ற சொல்லின் வாலிலேயே ‘அரை’ ஒலிக்கிறது. இரைச்சலுள்ள சமையலறையில் எது எதனுடைய அளவு என்று குழம்ப இதுவே போதும். எனவே முதல்முறை சொல்லும்போதே ஒரு விளக்கத்தை ஒட்டவைக்க வேண்டும்: “உப்பு அரைத் தேக்கரண்டி. அதாவது ஒரு தேக்கரண்டியில் பாதி.”

அதன் பிறகு சொல்லை மாற்றக் கூடாது. இரண்டாவது தவறு இங்கேதான் நடக்கிறது. ஒரே சொல் திரும்ப வந்தால் நடை கெட்டுவிடும் என்ற அச்சத்தில், முதலில் தேக்கரண்டி என்றவர் அடுத்துச் சிறு கரண்டி என்பார், மூன்றாவதாக ஸ்பூன் என்பார். கேட்பவர் மூன்று வெவ்வேறு கரண்டிகளைத் தேடுவார். வரிசைக்கும் அப்படித்தான். முதலில் தண்ணீர், சர்க்கரை, உப்பு என்று சொன்னால் கடைசி வரை அதே வரிசை. மாற வேண்டியது அந்த வாக்கியத்தைச் சுற்றி வரும் பேச்சு.

மூன்றாவது தவறு, முக்கியமான அளவை மூன்று முறை சொல்ல நினைத்து, மூன்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடுவது. அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர் ஒரே முறை கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். நம் உரையில் அளவு முதல் நிமிடத்தின் முடிவில் வரட்டும். மூன்றாவது நிமிடத்தில் உப்பு கூடினால் என்ன ஆகும் என்று பேசும்போது, “அதனால்தான் உப்பு அரைத் தேக்கரண்டி மட்டும். கலந்தபின் நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது” என்று திரும்ப வரட்டும். அதே செய்திதான், ஆனால் இப்போது அதனுடன் காரணமும் சோதிக்கும் வழியும் சேர்ந்திருக்கின்றன. முடியும்போது மூன்று பொருளும் வரிசையாக, நிறுத்தி நிறுத்தி, விளக்கம் எதுவும் இல்லாமல் ஒருமுறை.

தொலைபேசி எண் மட்டும் விதிவிலக்கு. அதை உடனே திரும்பச் சொல்லத்தான் வேண்டும். எண் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லி, பேனா எடுக்க நான்கைந்து விநாடி விட்டால் இரண்டு முறை போதும்.

சரி, எது அதிகம்? என் கணக்கில் ஐந்து நிமிட உரைக்கு ஒரே ஒரு செய்திதான் மூன்று முறை வரத் தகுதியுடையது. கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது இரண்டு முறை வரலாம். உடலில் நீர் ஏன் குறைகிறது, சர்க்கரை எப்படி உப்பையும் நீரையும் குடல் வழியே உள்ளே இழுக்க உதவுகிறது என்பதெல்லாம் ஒருமுறைதான். விளக்கம் மறந்து போனாலும் கரைசல் கெடாது. எல்லாவற்றையும் மூன்று முறை சொன்னால் எது முக்கியம் என்ற அடையாளமே போய்விடும்.

‘சொல்லப்போவதைச் சொல், சொல், சொன்னதைச் சொல்’ என்று ஒரு பயிற்சி வாய்பாடு உலவுகிறது. ஒரு மணி நேர வகுப்புக்கு அது சரி. ஐந்து நிமிடத்தில் முன்னுரைக்கு ஒன்று, தொகுப்புரைக்கு ஒன்று என்று போனால் விஷயத்துக்கு மூன்று நிமிடம்தான் மிஞ்சும். நேரலை வானொலியில் நடுவில் வந்து சேர்பவர்களுக்காக என்ன பேசுகிறோம் என்று இடையிடையே நினைவூட்டுவது நியாயம். பதிவு செய்து வெளியிடும் ஒலித்தொடரில் அதையே செய்தால் எரிச்சல்தான் வரும்.

மிகையானதா என்பதைப் பிரதியைச் சத்தமாக வாசித்தால் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது முறை வரும்போது வாசிப்பவரின் குரல் தானாகவே வேகமெடுத்தால் அவருக்கே அலுத்துவிட்டது. ‘ஏற்கெனவே சொன்னதுபோல’, ‘மீண்டும் ஒருமுறை சொல்கிறேன்’ என்பவை அடிக்கடி வந்தால், அங்கே புதிதாகச் சேர்க்க எதுவும் இல்லாமல்தான் எழுதியவர் திரும்பியிருக்கிறார் என்று பொருள்.

குறைவா என்பதைக் கண்டுபிடிக்க வேறு ஆள் வேண்டும். வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980களில் வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பி, மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்ற அளவில் இதே போன்ற கரைசலைத் தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தது. எழுதிக் கொடுத்துப் பயனில்லாத இடங்களில் வாய்மொழிதான் வழி. முதலில் பத்துக் குறிப்புகள் இருந்தன. பிறகு அவற்றையும் குறைத்தார்கள். சொல்லிக் கொடுத்தவருக்கான ஊதியம், பின்னர் இன்னொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பொறுத்து அமைந்தது. எத்தனை முறை சொன்னார் என்று யாரும் எண்ணவில்லை.

அதன் சிறிய வடிவத்தை நாமும் செய்யலாம். உரையை ஒருவருக்கு ஒரே முறை வாசித்துக் காட்டிவிட்டு, பத்து நிமிடம் வேறு பேச்சில் விட்டு, பிறகு கேளுங்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், “உப்பு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். அரைத் தேக்கரண்டி என்று வரவில்லையென்றால் நான்காவது முறையாக அதைச் செருகுவதற்கு முன், அதன் அருகில் வேறு எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். குழந்தையின் வயது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு மிடறு, 24 மணி நேரம் எல்லாம் அதே பத்தியில் குவிந்திருக்கும். அவற்றை வேறு நிமிடத்துக்கு நகர்த்திவிட்டு, இன்னொருவரை உட்காரவைத்து மறுபடி வாசியுங்கள்.